ஃபேன்-அவுட் 4000 என்று வந்தால் எங்கே பார்க்க வேண்டும்: 74LS00, 74HC00 தரவுத்தாள்களை ஒப்பிடும் முறை

கேள்வி: 74LS00, 74HC00 இரண்டின் தரவுத்தாள்களையும் வைத்து நாய்ஸ் மார்ஜின், ஃபேன்-அவுட், பரவல் தாமதம் மூன்றையும் ஒப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு 74HC-க்கு நாய்ஸ் மார்ஜின் 1.25 வோல்ட், ஃபேன்-அவுட் 4000 என்று வருகிறது. ஆனால் தாமதத்தில் 74LS தான் வேகமானது என்று வருகிறது. வகுப்பில் ஆளுக்கொரு விடை. எங்கே தவறு செய்கிறோம்?

பதில்:

உங்கள் கழித்தலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. பிழை, எண்களைத் தேர்ந்தெடுத்த இடத்தில் இருக்கிறது. தரவுத்தாளில் ஒவ்வொரு எண்ணும் ஒரு சோதனை நிபந்தனையோடு சேர்ந்தே அச்சாகியிருக்கும்: சப்ளை எத்தனை வோல்ட், வெளியீட்டில் எவ்வளவு மின்னோட்டம், எத்தனை பிக்கோஃபாரட் சுமை, என்ன வெப்பநிலை என்பதெல்லாம் அந்த எண்ணின் பகுதிதான். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டால், நீங்கள் கணக்கிட்ட மூன்று அளவுகளும் மூன்று வெவ்வேறு சூழ்நிலைகளைச் சேர்ந்தவையாகிவிடும். ஒரே கேட் அந்த மூன்று சூழ்நிலைகளிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபேன்-அவுட் என்பது தனித்து நிற்கும் ஓர் அளவு அல்ல. ஒரு வெளியீட்டில் எத்தனை உள்ளீடுகளை மாட்டலாம் என்ற கேள்விக்கு, 'எது கெடும்வரை' என்று திருப்பிக் கேட்டால்தான் விடை கிடைக்கும். 74LS-ல் சுமை ஏறும்போது முதலில் கெடுவது மின்னழுத்த நிலை, அதாவது நாய்ஸ் மார்ஜின். 74HC-ல் முதலில் கெடுவது நேரம், அதாவது பரவல் தாமதம். பயிற்சியில் கேட்ட மூன்று அளவுகளையும் இணைக்கும் சரடு இதுதான்.

முதலில் 74LS00. நாய்ஸ் மார்ஜினுக்கான இரண்டு வரையறைகளும் உங்களுக்குத் தெரிந்தவையே.

```
NMH = VOH(min) − VIH(min)
NML = VIL(max) − VOL(max)
```

உயர்நிலையில், வெளியீடு குறைந்தது 2.7 வோல்ட் தரும் என்று உறுதி சொல்லப்பட்டிருக்கிறது, உள்ளீடு 2.0 வோல்ட்டுக்கு மேல் எதையும் உயர்நிலையாக ஏற்கும். ஆகவே 0.7 வோல்ட். உங்கள் வகுப்பில் யாருக்காவது 0.5 வோல்ட் வந்திருந்தால், அவர் 54LS-க்கான நிரலிலிருந்து 2.5 வோல்ட்டை எடுத்திருப்பார். இராணுவ வெப்பநிலை வரம்புக்கான 54LS-ம் வணிக வரம்புக்கான 74LS-ம் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த நிரல்களில் அச்சாகியிருப்பதால் இந்தத் தடுமாற்றம் அடிக்கடி நேர்கிறது.

தாழ்நிலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஃபேன்-அவுட்டும் நாய்ஸ் மார்ஜினும் சேர்வது இங்கேதான். 74LS உள்ளீடு ஒன்றைத் தாழ்நிலைக்கு இழுத்தால் அது சும்மா இருப்பதில்லை. தன்னுள்ளிருந்து மின்னோட்டத்தை வெளியே தள்ளுகிறது. தரவுத்தாளில் அது −0.4 மில்லிஆம்பியர் என்று போடப்பட்டிருக்கும்; கழித்தல் குறி, மின்னோட்டம் காலிலிருந்து வெளியேறுகிறது என்பதை மட்டுமே குறிக்கிறது. இப்படித் தள்ளப்படும் மின்னோட்டம் அனைத்தையும் ஓட்டும் கேட்டின் கீழ் டிரான்சிஸ்டர்தான் தரைக்கு இறக்க வேண்டும். இறக்க வேண்டிய மின்னோட்டம் கூடக்கூட அந்த டிரான்சிஸ்டரின் மேலுள்ள மின்னழுத்தமும் ஏறும்.

VOL வரிசையைப் பாருங்கள்: 74LS00-க்கு அதில் ஒன்றல்ல, இரண்டு எண்கள் இருக்கும். IOL 4 மில்லிஆம்பியரில் அதிகபட்சம் 0.4 வோல்ட், 8 மில்லிஆம்பியரில் அதிகபட்சம் 0.5 வோல்ட். உள்ளீட்டின் VIL அதிகபட்சம் 0.8 வோல்ட். எனவே பத்து உள்ளீடுகளை மாட்டினால், அதாவது 4 மில்லிஆம்பியர் இறக்கினால், தாழ்நிலை மார்ஜின் 0.4 வோல்ட். இருபது மாட்டினால் 8 மில்லிஆம்பியர், மார்ஜின் 0.3 வோல்ட். உயர்நிலையில் வெளியீடு 0.4 மில்லிஆம்பியர் கொடுக்கும், ஒவ்வோர் உள்ளீடும் 20 மைக்ரோஆம்பியர் கேட்கும், அங்கும் இருபது.

ஆகவே '74LS-ன் ஃபேன்-அவுட் 20, தாழ்நிலை மார்ஜின் 0.3 வோல்ட்' என்பது ஒரு சரியான விடை. 'ஃபேன்-அவுட் 10, மார்ஜின் 0.4 வோல்ட்' என்பதும் சரியான விடை. 'ஃபேன்-அவுட் 20, மார்ஜின் 0.4 வோல்ட்' என்பது மட்டும் தவறு, ஏனென்றால் அது இரண்டு வரிகளிலிருந்து தமக்கு வசதியான பாதிகளை எடுத்து ஒட்டியது. பயிற்சித்தாள்களில் நான் அதிகமாகத் திருத்துவது இந்தத் தவறைத்தான். விடைத்தாளில் இரண்டு எண்களையும் ஒரே வாக்கியத்தில், நிபந்தனையோடு எழுதும் பழக்கம் இருந்தால் இது நேராது.

இடையில் ஒரு சிறு விஷயம். நேண்ட் கேட்டின் இரண்டு உள்ளீடுகளையும் ஒன்றாகக் கட்டி இன்வெர்ட்டராகப் பயன்படுத்தியிருந்தால், அதை எத்தனை சுமையாக எண்ணுவது? 74LS00-ல் இரண்டு உள்ளீடுகளும் உள்ளே ஒரே மின்தடையிலிருந்துதான் மின்னோட்டம் பெறுகின்றன. எனவே தாழ்நிலையில் இரண்டும் சேர்ந்து ஒரு சுமை. உயர்நிலையில் கசிவு ஒவ்வொரு காலிலும் தனித்தனியாக ஓடுவதால் இரண்டு சுமை. 74HC-ல் அப்படிக் கட்டினால் மின்தேக்குதிறன் இரட்டிப்பாகும். அது ஏன் முக்கியம் என்பது கீழே வருகிறது.

இனி 74HC00. இதன் மின்னழுத்த நிலைகள் சப்ளையைப் பொறுத்து மாறும். தரவுத்தாள் 2, 4.5, 6 வோல்ட் என்ற மூன்று சப்ளைகளுக்கு எண்களைத் தருகிறது. 74LS-ன் 5 வோல்ட்டுக்கு அருகில், பாதுகாப்பான பக்கத்தில் இருப்பது 4.5 வோல்ட் வரி என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். VIH குறைந்தபட்சம் 3.15 வோல்ட், VIL அதிகபட்சம் 1.35 வோல்ட், அதாவது சப்ளையின் 70 விழுக்காடும் 30 விழுக்காடும். வெளியீட்டுக்கு இங்கேயும் இரண்டிரண்டு எண்கள். 20 மைக்ரோஆம்பியர் மட்டும் எடுக்கும்போது VOH குறைந்தபட்சம் 4.4 வோல்ட், VOL அதிகபட்சம் 0.1 வோல்ட். 4 மில்லிஆம்பியர் எடுக்கும்போது, −40 முதல் 85 டிகிரி வரையான நிரலில், VOH 3.84 வோல்ட்டாக இறங்குகிறது, VOL 0.33 வோல்ட்டாக ஏறுகிறது.

நீங்கள் எழுதிய 1.25 வோல்ட் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரியும். 4.4-லிருந்து 3.15-ஐக் கழித்தால் 1.25, 1.35-லிருந்து 0.1-ஐக் கழித்தாலும் 1.25. இவை 20 மைக்ரோஆம்பியர் வரியின் எண்கள். ஃபேன்-அவுட்டுக்கு நீங்கள் எடுத்ததோ 4 மில்லிஆம்பியர். அதை உள்ளீட்டுக் கசிவின் உச்சவரம்பான 1 மைக்ரோஆம்பியரால் வகுத்து 4000 என்றீர்கள். ஆனால் 4 மில்லிஆம்பியர் எடுக்கும் வெளியீட்டின் உயர்நிலை மார்ஜின் 3.84 − 3.15, அதாவது 0.69 வோல்ட்தான், தாழ்நிலை மார்ஜின் 1.35 − 0.33, அதாவது 1.02 வோல்ட். மாறாக 1.25 வோல்ட் மார்ஜினை வைத்துக்கொள்ள விரும்பினால் 20 மைக்ரோஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. 1 மைக்ரோஆம்பியரால் வகுத்தால் ஃபேன்-அவுட் 20. ஒரே சிப்பு, ஒரே பக்கம்; வரி மாறினால் 4000 என்பது 20 ஆகிறது.

வகுப்பில் யாருக்காவது 40,000 வந்திருந்தால் அதற்கும் காரணம் உண்டு. 25 டிகிரி நிரலில் உள்ளீட்டுக் கசிவு 0.1 மைக்ரோஆம்பியர் என்றிருக்கும். அதே நிரலில் VOH 3.98, VOL 0.26 வோல்ட். எந்த நிரலை எடுப்பது என்பதில் எனக்கு ஐயமே இல்லை: சிப்பு ஒரு பெட்டிக்குள் வைத்து மூடப்படும் என்றால் முழு வெப்பநிலை வரம்புக்கான நிரலே கணக்குக்கு உரியது.

ஆனாலும் 4000, 20 இரண்டுமே உண்மையான கேள்விக்கு விடை ஆகாது. சீமாஸ் உள்ளீடு என்பது ஆக்சைடு அடுக்கால் பிரிக்கப்பட்ட ஒரு தகடு. அதற்குள் நிலையான மின்னோட்டம் ஏறக்குறைய ஓடுவதே இல்லை. 1 மைக்ரோஆம்பியர் என்பது உற்பத்தியாளர் இதற்கு மேல் போகாது என்று உறுதியளிக்கும் உச்சவரம்பே தவிர, சிப்பு வழக்கமாகக் கசியவிடும் அளவு அல்ல. உண்மைக் கசிவு அதைவிட மிகக் குறைவு. ஆகவே நேர்மின்னோட்டக் கணக்கில் 74HC-ஐ எதுவும் தடுக்காது. தடுப்பது அந்தத் தகட்டை ஒவ்வொரு முறையும் நிரப்பவும் வடிக்கவும் ஆகும் நேரம். தரவுத்தாளில் இது உள்ளீட்டு மின்தேக்குதிறன் என்ற தனி வரியில் இருக்கும்: டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தாளில் வழக்கமான அளவு 3 பிக்கோஃபாரட், அதிகபட்சம் 10 பிக்கோஃபாரட். ஃபேன்-அவுட் கணக்கில் பெரும்பாலான மாணவர்கள் தொடாமல் தாண்டிப்போகும் வரி இது. 74HC-க்கு உண்மையில் தேவைப்படுவது இதுவே.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 4.5 வோல்ட் சப்ளையில், 50 பிக்கோஃபாரட் சுமையில், 74HC00-ன் பரவல் தாமதம் வழக்கமாக 9 நானோ நொடி. 25 டிகிரியில் அதிகபட்சம் 18. 85 டிகிரி வரையான நிரலில் அதிகபட்சம் 23 நானோ நொடி. நெக்ஸ்பீரியா தாளின் முதல் பக்கத்தில் 5 வோல்ட், 15 பிக்கோஃபாரட் என்ற நிபந்தனையில் 7 நானோ நொடி என்று இன்னோர் எண் இருக்கிறது. இந்த இரண்டு வழக்கமான எண்களையும் சேர்த்துப் பார்த்தால், 35 பிக்கோஃபாரட் கூடியபோது தாமதம் 2 நானோ நொடி கூடியிருக்கிறது. பிக்கோஃபாரட்டுக்குச் சுமார் 0.06 நானோ நொடி. சப்ளை அரை வோல்ட் குறைந்ததும் அந்த இரண்டு நானோ நொடியில் பங்கு வகிப்பதால், இந்தச் சரிவு சற்றுக் கூடுதலாகவே மதிப்பிடப்பட்டிருக்கிறது. அது பாதுகாப்பான பக்கம்தான். மோசமான சிப்புக்கு, அதிகபட்சத்துக்கும் வழக்கமானதுக்கும் உள்ள விகிதமான 23/9, அதாவது ஏறத்தாழ 2.5 மடங்கால் பெருக்கினால், பிக்கோஃபாரட்டுக்கு 0.15 நானோ நொடி. இது தரவுத்தாள் உறுதி சொல்லும் எண் அல்ல, மதிப்பீடு. விடைத்தாளில் அப்படியே குறிப்பிட்டுவிடுங்கள்.

இனி ஒரு வரையறை தேவை. இந்தக் கேட்டுக்கு மோசமான நிலையிலும் 40 நானோ நொடிக்கு மேல் தர முடியாது என்று உங்கள் சுற்று சொல்கிறது என வைத்துக்கொள்வோம். 50 பிக்கோஃபாரட்டில் 23 போய்விட்டது. மீதி 17 நானோ நொடி. அதை 0.15-ஆல் வகுத்தால் மேலும் 113 பிக்கோஃபாரட். ஆக மொத்தம் 163. ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் 10 பிக்கோஃபாரட், அதற்குப் போகும் தடத்துக்கு 2 பிக்கோஃபாரட் என்று கொண்டால், 163/12 என்பது 13 உள்ளீடுகள். இதுதான் 74HC-ன் ஃபேன்-அவுட், இந்தச் சுற்றில். 25 நானோ நொடி மட்டும் அனுமதிக்கும் சுற்றில் இதே கணக்கு 5 என்று முடியும். நேரமே பொருட்டில்லாத, எப்போதாவது மாறும் ஒரு கட்டுப்பாட்டுக் கோட்டில் இன்னும் பலவற்றை மாட்டலாம்.

அந்த 4000-ஐயும் இதே அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 4000 உள்ளீடுகள், ஒவ்வொன்றும் 10 பிக்கோஃபாரட் என்றால் 40 நானோஃபாரட். 0.15-ஆல் பெருக்கினால் 6000 நானோ நொடி, அதாவது ஆறு மைக்ரோ நொடி தாமதம். மெதுவான சுற்றில் அதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று யாராவது வாதிட்டால், அவ்வளவு மெதுவாக ஏறும் மின்னழுத்தத்தை அடுத்த கேட் தாங்காது. 74HC உள்ளீட்டின் ஏற்ற, இறக்க நேரத்துக்கு 4.5 வோல்ட்டில் 500 நானோ நொடி என்ற உச்சவரம்பைத் தாளின் பரிந்துரைக்கப்பட்ட இயக்க நிலைகள் பகுதியில் காணலாம். அதைத் தாண்டினால் உள்ளீடு நடு மின்னழுத்தத்தில் நெடுநேரம் தங்கும். மேல், கீழ் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் ஒன்றாகக் கடத்தும். சப்ளையிலுள்ள சிறு அதிர்வுகூட வெளியீட்டைப் பலமுறை முன்னும் பின்னும் தட்டிவிடும். கடிகாரக் கோட்டில் இது நேர்ந்தால் கவுன்ட்டர் ஒரு துடிப்புக்கு இரண்டு, மூன்று என்று எண்ணும். நாய்ஸ் மார்ஜின் தாளில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இருந்தும் இரைச்சல் உள்ளே நுழைவது இந்த வழியில்தான்: அந்த மார்ஜின், நிலைக்கு வந்து நின்ற மின்னழுத்தத்துக்கான உறுதி, வழியில் இருக்கும் மின்னழுத்தத்துக்கு அது பொருந்தாது.

ஆய்வகத்தில் அலைக்காட்டியை வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். முனையின் தரைக் கம்பியைச் சிப்பின் தரைக் காலுக்கு மிக அருகில் இணைத்து, ஓட்டும் வெளியீட்டைப் பாருங்கள். 74LS-ல் சுமை அதிகமானால் விளிம்புகள் ஏறத்தாழ செங்குத்தாகவே இருக்கும், ஆனால் தாழ்நிலையின் தரை மேலே எழும்: 4 மில்லிஆம்பியரில் வழக்கமாக 0.25 வோல்ட், 8-ல் 0.35, அதற்கு மேல் ஏற்றினால் 0.5-ஐ நெருங்கித் தாண்டும். 74HC-ல் கேட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால் தரையும் கூரையும் சப்ளை முனைகளை ஒட்டியே நிற்கும், ஆனால் விளிம்புகள் சாய்ந்து, மின்தேக்கி நிரம்பும் வளைவாக மாறும். சுமை மீறிய 74LS-ன் நோய் உயரத்தில் தெரியும். 74HC-ன் நோய் சரிவில் தெரியும். மல்ட்டிமீட்டரால் முதலாவதைப் பிடித்துவிடலாம். இரண்டாவதைப் பிடிக்கவே முடியாது.

இனி வேகத்தைப் பற்றிய உங்கள் முடிவு. 74LS00-க்கு அதிகபட்சம் 15 நானோ நொடி, 74HC00-க்கு அதிகபட்சம் 23 நானோ நொடி. ஆகவே 74LS வேகமானது என்றீர்கள். 74LS-ன் 15 எந்த நிபந்தனையில் என்று அட்டவணையின் தலைப்பில் தேடுங்கள்: சப்ளை சரியாக 5 வோல்ட், வெப்பநிலை 25 டிகிரி, சுமை 15 பிக்கோஃபாரட், அதோடு 2 கிலோஓம் மின்தடை. 74HC-ன் 23-ஓ 4.5 வோல்ட்டில், முழு வெப்பநிலை வரம்பில், 50 பிக்கோஃபாரட் சுமையில். ஒருவர் சுமையில்லாமல் சமதளத்தில் நடந்ததையும் இன்னொருவர் மூட்டையோடு மேடேறியதையும் நேரம் பார்த்து ஒப்பிட்டதைப் போன்றது இது. நிபந்தனைகளை நெருக்கிக் கொண்டுவந்தால், அதாவது இரண்டையும் 5 வோல்ட், 15 பிக்கோஃபாரட், வழக்கமான அளவு என்று எடுத்தால், 74LS-க்கு உயரும்போது 9, இறங்கும்போது 10 நானோ நொடி, 74HC-க்கு 7. இரண்டும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை என்பதே நேர்மையான முடிவு. 74HC வேகத்தில் வென்றுவிட்டது என்றும் எழுத வேண்டாம். 74HC-ஐ வடிவமைத்தவர்கள் 74LS-ன் வேகத்தை எட்டுவதையே இலக்காக வைத்தார்கள், அதை எட்டிவிட்டார்கள்.

அளக்கும் புள்ளியும் ஒன்றல்ல. 74LS-ல் உள்ளீடும் வெளியீடும் 1.3 வோல்ட்டைக் கடக்கும் நேரங்களுக்கு இடைவெளி எடுக்கப்படுகிறது. 74HC-ல் சப்ளையின் பாதியைக் கடக்கும் நேரங்களுக்கு. இரண்டு குடும்பங்களும் கலந்த பாதையில் இந்த எண்களை அப்படியே கூட்டினால் ஓரிரு நானோ நொடி பிசகும். பாடப்பயிற்சிக்கு அது பொருட்டல்ல, ஆனால் ஒரு வரியில் குறிப்பிட்டால் தாளை முழுமையாகப் படித்திருக்கிறீர்கள் என்பது தெரியும். உயரும் தாமதம், இறங்கும் தாமதம் இரண்டின் சராசரியைக் குடும்பங்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். கடிகார நேரத்தைச் சரிபார்க்கும் கணக்கில் இரண்டில் பெரியதின் அதிகபட்ச மதிப்பே செல்லும்.

உங்கள் பயிற்சியின் கடைசிப் பகுதி, பெரும்பாலான இத்தகைய பயிற்சிகளைப் போல, இரண்டு குடும்பங்களையும் இணைக்கச் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன். 74HC வெளியீடு 74LS உள்ளீட்டை ஓட்டுவதில் சிக்கல் இல்லை. 4 மில்லிஆம்பியரில் 0.33 வோல்ட், 74LS-ன் 0.8-க்கு 0.47 வோல்ட் மார்ஜின். பத்து உள்ளீடுகள்வரை ஓட்டலாம். இங்கே சுமை மின்னோட்டமாக இருப்பதால், 74HC-யாக இருந்தும் ஃபேன்-அவுட் பழைய முறையிலேயே முடிவாகிறது என்பதைக் கவனியுங்கள்.

எதிர்த்திசைதான் ஆபத்தானது. 74LS வெளியீடு உயர்நிலையில் 2.7 வோல்ட்டுக்கே உறுதி தருகிறது, அதுவும் 4.75 வோல்ட் சப்ளையில். அதே சப்ளையில் 74HC கேட்பது அதன் 70 விழுக்காடு, அதாவது சுமார் 3.3 வோல்ட். மார்ஜின் −0.6 வோல்ட். கழித்தல் குறி வந்த பிறகு ஃபேன்-அவுட் எவ்வளவு என்று கேட்பதில் பொருளில்லை. ஓர் உள்ளீட்டைக்கூட உறுதியாக ஓட்ட முடியாது. ஆனால் மேசையில் கட்டிப் பார்த்தால் இந்தச் சுற்று பெரும்பாலும் வேலை செய்யும், அதுவே இதிலுள்ள கெடுதல். 74LS-ன் உயர்நிலை வழக்கமாக 3.4 வோல்ட், 74HC உள்ளீடு உண்மையில் மாறுவது சப்ளையின் பாதி அளவில், சுமார் 2.5 வோல்ட்டில். அந்த இடைவெளியில் சுற்று ஓடிக்கொண்டிருக்கும். என்னிடம் ஒரு மாணவர் இப்படி ஒரு கவுன்ட்டர் சுற்றைக் கொண்டுவந்தார். நாள் முழுக்கச் சரியாக ஓடியது, அருகில் ஒரு ரிலே இயங்கும்போது மட்டும் எண்ணிக்கை தாவியது. அவர் சப்ளையையும் வயரிங்கையும் சந்தேகித்தார். வோல்ட்மீட்டரை அந்த இணைப்பில் வைத்தபோது உயர்நிலை 3.3-க்குச் சற்று மேல் நின்றது. அளவு வழக்கமானதுதான், உறுதி மட்டும் இல்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, அந்தக் கோட்டிலிருந்து சப்ளைக்கு ஒரு புல்-அப் மின்தடை. 2.2 கிலோஓம் போட்டால் உயர்நிலை 5 வோல்ட்டை நோக்கி இழுக்கப்படும். நாய்ஸ் மார்ஜின் நேராகிவிடும். ஆனால் அதற்கு விலை இருக்கிறது, அந்த விலை மற்ற இரண்டு அளவுகளிலிருந்து போகிறது. தாழ்நிலையில் அந்த மின்தடை வழியாக 4.5/2200, அதாவது சுமார் 2.05 மில்லிஆம்பியர் 74LS-க்குள் வந்து இறங்கும். 8-ல் 2.05 போய், அதே கோட்டில் மாட்டக்கூடிய 74LS சுமைகள் இருபதிலிருந்து பதினான்காகக் குறையும். உயர்நிலைக்குப் போகும்போது 2.7 வோல்ட்வரை 74LS விரைவாக ஏற்றிவிடும். அதற்கு மேலுள்ள ஏற்றத்தை, மோசமான நிலையில், மின்தடை மட்டுமே செய்ய வேண்டும். கோட்டில் 50 பிக்கோஃபாரட் இருந்தால் நேர மாறிலி 110 நானோ நொடி.

```
t = R·C·ln[(5 − 2.7)/(5 − 3.5)]
  = 110 ns × 0.43 ≈ 47 ns
```

74LS-ன் சொந்தத் தாமதம் 15 நானோ நொடிதான்; மின்தடையை நம்பிய மீதி ஏற்றம் அதைப்போல மூன்று மடங்கு எடுத்துக்கொள்கிறது. மின்தடையைச் சிறிதாக்கினால் நேரம் குறையும், ஃபேன்-அவுட் இன்னும் இறங்கும். பயிற்சியில் கேட்ட மூன்று அளவுகளும் ஒன்றையொன்று இழுப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை. விடைத்தாளில் இந்தக் கணக்கைச் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

நான் அந்த இடத்தில் போடுவது 74HCT00. அதன் வெளியீடு 74HC-ஐப் போன்றது, உள்ளீடு மட்டும் 74LS-ன் அளவுகளுக்கு மாற்றப்பட்டது: VIH 2.0 வோல்ட், VIL 0.8 வோல்ட். 74LS அதை ஓட்டும்போது உயர்நிலை மார்ஜின் 0.7 வோல்ட். தாழ்நிலையில் 74LS-க்குச் சுமையே இல்லாததுபோல் ஆகிவிடுவதால், 4 மில்லிஆம்பியர் வரியின் 0.4 வோல்ட்டை எடுத்து 0.4 வோல்ட் மார்ஜினைத் தயக்கமின்றி எழுதலாம். 74HC-ன் பெரிய தாழ்நிலை மார்ஜின் அங்கே கிடைக்காது. தாமதமும் 5 வோல்ட், 15 பிக்கோஃபாரட்டில் 7-க்குப் பதில் 10 நானோ நொடி. புல்-அப்பின் 47 நானோ நொடிக்கு முன்னால் அந்த மூன்றை நான் கணக்கில் கொள்வதில்லை.